கடைக்கு ஒரே குரல், எங்களுக்கு மூன்று ஊர்

வெள்ளவத்தையில் ஊர்ச் சாமான் விற்கிற ஒரு சின்னக் கடையில் வேலை செய்யிறன். கறித்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, ஊறுகாய். கடையின்ர பேஸ்புக் பக்கத்தில மூன்று பேர் மாறி மாறி எழுதிறம். நான் யாழ்ப்பாணம், ஒரு தம்பி மட்டக்களப்பு, ஒரு தங்கச்சி ஹற்றன். ஒடியல் மா முடிந்தால் அதே செய்தி மூன்று விதமாய் வரும்.

நான்: “ஒடியல் மா முடிஞ்சு போச்சுது. வெள்ளிக்கிழமை வந்து எடுங்கோ.”

தம்பி: “ஒடியல் மா கையிருப்பில் இல்லை என்பதை மனவருத்தத்துடன் அறியத் தருகின்றோம்.”

தங்கச்சி: “ஹாய் மக்களே! ஒடியல் மா காலி! வெள்ளி வரைக்கும் வெயிட் பண்ணுங்க ப்ளீஸ்!”

மூன்றிலும் பிழை இல்லை. ஆனால் வாசிக்கிற ஆளுக்கு மூன்று கடை மாதிரி இருக்கும். “பக்கத்தை வேற ஆரும் எடுத்திட்டினமோ?” என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டே விட்டார்.

முதலாளி அண்ணை சுலபமான வழி சொன்னார்: “எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழிலயே எழுதுங்கோ.” தங்கச்சி உடனே கேட்டாள்: “அண்ணே, அப்ப நான் எழுதுறது எல்லாம் நடிப்பாத்தானே இருக்கும்?” அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ஒரு பக்கக் கையேடு ஒன்று எழுதத் தொடங்கினோம்.

முதல் வேலை, கடைசியாகப் போட்ட 30 பதிவுகளைப் பெயர் இல்லாமல் ஒரே இடத்தில் ஒட்டி, சத்தமாக வாசித்தது. காதுக்கு இடறிய இடங்களில் கோடு போட்டோம். பார்த்தால், எல்லாம் நாலு விஷயத்துக்குள் அடங்கியது: வாசகரை எப்படிக் கூப்பிடுகிறோம், வினைச்சொல் எப்படி முடிகிறது, ஆங்கிலச் சொல்லை எப்படி எழுதுகிறோம், மன்னிப்பு எப்படிக் கேட்கிறோம்.

“நட்பாக எழுதுவோம்” என்று ஒரு வரி எழுதிப் பார்த்தோம். அதால் பிரயோசனமே இல்லை. மூன்று பேருமே தாங்கள் நட்பாகத்தான் எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதனால் ஒவ்வொரு விதியையும் “இப்படி, இப்படி வேண்டாம்” என்று சோடியாக எழுதினோம். கூப்பிடுவது “நீங்கள்”, “மக்களே”, “தாங்கள்” வேண்டாம். வினை எளிய எழுத்துத் தமிழ்: “வாருங்கள்”, “வாங்கோ”, “வாங்க” இரண்டும் வேண்டாம். “ஓடர்”, “பக்கற்” என்று எழுதுவோம். “ஆர்டர்”, “பாக்கெட்” வேண்டாம். சாப்பாட்டுப் பெயர் மட்டும் ஊர்ப் பெயராகவே இருக்கட்டும்.

அந்த விதிகளோடு ஒடியல் மா அறிவிப்பு இப்படி ஆனது: “ஒடியல் மா முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை புது மா வரும். வேண்டுமென்றால் இப்போதே பெயரைச் சொல்லுங்கள், எடுத்து வைக்கிறோம்.” இது யாருடைய ஊர்த் தமிழும் இல்லை. மூன்று பேரும் நடிக்காமல் எழுதக்கூடிய தமிழ்.

முறைப்பாட்டுக்குத் தனியாக மூன்று வரி ஒதுக்கினோம். குரல் அதேதான், ஆனால் தொனி மாற வேண்டும். பொங்கல் பதிவில் பகிடி விடலாம். ஊறுகாய்ப் போத்தல் உடைந்து வந்தவரிடம் பகிடியும் இல்லை, சிரிப்புப் படமும் இல்லை. என்ன நடந்தது, என்ன செய்கிறோம், எப்போது செய்வோம், இந்த ஒழுங்கில் பதில். “தங்கள் முறைப்பாடு கவனத்தில் எடுக்கப்பட்டது” என்றால் யார் எடுத்தது என்றே தெரியாது. “உடைந்த போத்தலுக்குப் பதிலாக நாளைக்கு வேறு அனுப்புகிறோம்” என்றால் தெரியும்.

கையேடு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒரே செய்தியை மூன்று பேரும் தனித்தனியாக எழுதி, காசு மேசையில் இருக்கும் அக்காவிடம் பெயர் இல்லாமல் கொடுத்தோம். யார் எழுதியது என்று அவ கண்டுபிடித்தால், எந்தச் சொல் காட்டிக்கொடுத்தது என்று கேட்போம். முதல் தடவை மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டா. தம்பியைக் காட்டிக்கொடுத்தது “அறியத் தருகின்றோம்”, என்னைக் காட்டிக்கொடுத்தது “எடுங்கோ”. பழகின கை ஒரு நாளில் மாறாது. மூன்றாம் கிழமை அவ தம்பியையும் தங்கச்சியையும் மாறிச் சொன்னா.

ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது என்பதிலும் கண்டிப்பாக இருக்கிறோம். எங்களில் இரண்டு பேர் உண்மையாகவே வேறு வேறாய் எழுதுகிற விஷயம் மட்டுமே விதியாகலாம். இடம் நிரம்பிவிட்டால், புது விதி வர ஒரு பழைய விதி வெளியே போக வேண்டும். பத்துப் பக்கம் என்றால் பதிவு போடும் அவசரத்தில் ஒருத்தரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

கையேட்டின் கடைசி வரியைத் தங்கச்சிதான் எழுதினாள்: வீடியோவில் பேசும்போது அவரவர் ஊர்ப் பேச்சிலேயே பேசலாம். அங்கே முகம் தெரிகிறது, பேசுவது ஒரு ஆள் என்று பார்க்கிறவருக்கு விளங்கும். எழுத்தில் மட்டும்தான் கடை பேசுகிறது.