மல்லாரிக்கு ஒரு சீட்டு

காணொளி எடுப்பவர்களுக்குப் பின்னணி இசையும் ஒலித்துணுக்குகளும் தருவதென்று நண்பர்கள் மூவர் கூடி முடிவு செய்தபோது, எங்களிடம் இருந்தவை ஒரு கையடக்கப் பதிவுக்கருவி, இரண்டு மைக்குகள், தஞ்சாவூரில் வாடகைக்குப் பிடித்த ஓர் அறை. காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு ஒலிக்கு என்ன பஞ்சம் என்கிற இறுமாப்பும் கொஞ்சம் இருந்தது.

அந்த இறுமாப்பை முதலில் குலைத்தது தண்ணீர்தான். மேட்டூர் திறந்து கல்லணை தாண்டி வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த நாளில், மதகின் அடியில் மைக்கை வைத்து இருபது நிமிடம் பதிந்தோம். அறைக்கு வந்து காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டால், தண்ணீருக்குப் பின்னால் எங்கோ ஒரு கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கிறது. மதகருகே நின்றபோது எங்கள் காதில் விழாத பாட்டு அது. யாரோ இசையமைத்து, யாரோ பாடி, ஒரு நிறுவனம் வெளியிட்ட பாட்டு. அதை உள்ளே வைத்துக்கொண்டு ‘வாய்க்கால் நீர்’ என்று விற்றால், வாங்கியவரின் காணொளிமீது அந்த நிறுவனம் உரிமை கோரலாம். இருபது நிமிடத்தில் தேறியது நாற்பது விநாடி. அன்றிலிருந்து எந்த ஒலியையும் பட்டியலில் சேர்க்குமுன் யூடியூபில் யாரும் காணாதபடி ஏற்றி, அங்கே நடக்கும் உரிமைச் சோதனையில் சிக்குகிறதா என்று பார்த்துவிடுகிறோம். சிக்கவில்லை என்பதாலேயே அது சுத்தம் என்றாகிவிடாது. காது ஒருமுறை, இயந்திரம் ஒருமுறை, அவ்வளவே.

இசைக்கு வந்தபோது இன்னும் யோசிக்க வேண்டியிருந்தது. எதை வாசிக்கச் சொல்வது? பதிப்புரிமைச் சட்டப்படி, இசையமைத்தவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள் அந்த இசைக்கு உரிமை உண்டு. 1847இல் திருவையாற்றில் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனையை யாரும் வாசிக்கலாம். அன்றைய தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் பிறந்து 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடலுக்கோ 2033 முடியும் வரை அனுமதி வேண்டும். இரண்டும் கச்சேரியில் அடுத்தடுத்து வருபவை. எங்கள் பட்டியலுக்கு அவற்றுக்கிடையே ஒரு மதிலே இருக்கிறது. ஆகவே மல்லாரியைத் தேர்ந்தோம். சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் வாசிக்கும் மரபு இசை, சாகித்தியம் கிடையாது. பேச்சுக்கு அடியில் ஓட விடுவதற்குச் சொல் இல்லாத இசைதான் ஏற்றது.

திருவிடைமருதூர்ப் பக்கத்துச் சிற்றூரில் இருக்கும் ஒரு நாகஸ்வர வித்வான் வாசித்தார். மூவாயிரம் ரூபாய் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கினோம். தவிலோடு ஒன்று, தவில் இல்லாமல் ஒன்று, முப்பது விநாடி, அறுபது விநாடி என்று நறுக்கி, ‘ராயல்டி ஃப்ரீ’ என்று எழுதி, அறுநூறு ரூபாய் விலை வைத்தோம். மல்லாரி என்ற சொல்லைத் தேடி யாரும் வரவில்லை. ‘கோயில் ஊர்வலம்’, ‘கல்யாணம்’, ‘மங்கலம்’ என்ற சொற்களையும் சேர்த்த பிறகே விற்கத் தொடங்கியது.

ராயல்டி ஃப்ரீ என்றால் இலவசம் என்று நினைப்பவர் பலர். உரிமையே அற்றது என்று நினைப்பவரும் உண்டு. பழைய முறையில் இசை நூலகங்கள் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் கட்டணம் வாங்கின. இதில் ஒருமுறை பணம் கொடுத்தால் போதும், பிறகு எத்தனை காணொளியில் சேர்த்தாலும் கணக்கு இல்லை. வாங்குபவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே, இசை அவருடையதாகிவிடுவதில்லை. இது எங்களுக்குத் தெரியும். உரிமச் சீட்டில் எழுதத்தான் தெரியவில்லை.

வாங்கியவர்களில் ஒருவர் எங்கள் மல்லாரியின் அடியில் ஒரு தாளத்தைச் சேர்த்துத் தம் பாட்டாக வெளியிட்டார். வெளியிட்டுக் கொடுத்தவர்கள் அதை யூடியூபின் ‘கன்டென்ட் ஐடி’யில் பதிந்துவிட்டார்கள். ஒலியின் சாயலை வைத்து ஒப்பிடும் பொறி அது. யார் முதலில் வாசித்தார்கள் என்பதை அது அறியாது. ஒரே வாரத்தில், முறையாகப் பணம் கொடுத்து வாங்கிய கல்யாண வீடியோக்காரர் ஒருவருக்கு ‘இந்த இசை வேறொருவருடையது’ என்று அறிவிப்பு வந்தது. அவர் எங்களைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

மறுப்புத் தெரிவித்தால், உரிமை கோரியவருக்குப் பதில் சொல்ல முப்பது நாள் அவகாசம். எங்கள் உரிமச் சீட்டை இணைத்து மறுக்கச் சொன்னோம். பாட்டை வெளியிட்டவரிடமும் பேசினோம். “அப்படிச் செய்யக் கூடாது என்று உங்கள் சீட்டில் எங்கே இருக்கிறது?” என்றார் அவர். இல்லைதான். இருந்தும் நியாயத்தை உணர்ந்து விலக்கிக்கொண்டார்; கோரிக்கையும் விழுந்தது.

அந்த நாட்களில்தான், எங்கள் உரிமைக்கு என்ன ஆதாரம் என்று தேடி, வித்வான் கையெழுத்திட்ட சீட்டை எடுத்து வழக்கறிஞர் நண்பரிடம் காட்டினோம். அவர் சிரித்தார். பதிவுக்கு உடைமையாளர் நாங்கள். வாசிப்பின்மீது வாசித்தவருக்குத் தனி உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, உரிமையை எழுதித் தரும்போது காலம் குறிக்கவில்லையென்றால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிக்கவில்லையென்றால் இந்தியாவுக்குள் என்றும் கொள்கிறது. 2012இல் வந்த திருத்தம், வணிகப் பயன்பாட்டில் கலைஞருக்கு ராயல்டி உண்டு என்கிறது. எங்கள் சீட்டோ வெறும் ரசீது. ‘எந்நாளும், உலகெங்கும்’ என்று நாங்கள் விற்றுக்கொண்டிருந்தது எங்கள் கையிலேயே இல்லாத பொருள்.

புதிய தாளோடு மறுபடியும் வித்வான் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் அமர்ந்து மெல்ல எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“தம்பி, இதுல ராயல்டி இல்லேன்னு போட்டிருக்கீங்களே. அப்ப எனக்கு ஒண்ணும் வராதா?”

“அது வாங்குறவங்களுக்குங்க ஐயா. அவங்க ஒருதரம் கொடுத்தாப் போதும்னு அர்த்தம்.”

“அவங்க உங்களுக்குக் கொடுக்குறாங்க. நீங்க எனக்கு?”

இத்தனை நாள் நாங்கள் எங்களையே கேட்டுக்கொள்ளாத கேள்வி. வாங்குபவரின் வசதிக்காக வைத்த பெயரை, வாசித்தவருக்கும் பொருத்திவிட்டிருந்தோம். தாளை அங்கேயே திருத்தி எழுதினோம். அவர் வாசிப்பை எந்த நாட்டுக் காணொளிக்கும் காலவரையின்றித் தர எங்களுக்கு அனுமதி. ஒவ்வொரு விற்பனையிலும் பாதி அவருக்கு. ஆண்டுதோறும் மார்ச்சில் கணக்கு. பழைய விற்பனையையும் அதில் சேர்த்தோம்.

வாங்குபவரின் சீட்டிலும் இரண்டு வரி கூடியது. இந்த ஒலியைத் தனியாகவோ, வேறு ஒலியோடு கலந்தோ பாட்டாக வெளியிடக் கூடாது. எந்த உரிமைப் பொறியிலும் பதியக் கூடாது. நாங்களும் பதிவதில்லை, பதிந்தால் முதலில் மாட்டுபவர்கள் எங்களிடம் வாங்கியவர்களே.

இப்போது பட்டியலில் ஒவ்வோர் ஒலிக்கும் எதிரே, நீளம், ராகம், பதிந்த இடம், நாள் ஆகியவற்றோடு, வாசித்தவர் பெயரும் அவர் கையெழுத்திட்ட தாளின் எண்ணும் இருக்கின்றன. தாள் எண் இல்லாத ஒலி விலைக்கு வராது. இதனால் பட்டியல் மெதுவாகவே வளர்கிறது. நல்ல வாசிப்புகள் சில, தாள் கிடைக்காமல் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன.

முதல் மார்ச்சில் மல்லாரிக் கணக்கு இருபத்துநான்கு விற்பனை. பாதியாக ஏழாயிரத்து இருநூறு ரூபாயை எடுத்துப் போனோம். வித்வான் பணத்தை எண்ணவில்லை. கணக்குத் தாளை மட்டும் வாங்கி, எத்தனை பேர் என்று விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தார். பிறகு நான்காய் மடித்து, சீவாளிகள் வைத்திருக்கும் பைக்குள் செருகிக்கொண்டார்.