மூன்று மணி நேரத்தில் யாருக்கு என்ன?

மாநாட்டுக்கு அனுப்பும் ஆய்வுக்கட்டுரையில் கண்டுபிடிப்பு எடைபோடப்படுகிறது. பயிற்சி அமர்வு ஒன்றை நடத்த முன்மொழியும்போது எடைபோடப்படுவது வேறு: எதிரே அமர்பவரின் மூன்று மணி நேரம். புணே வானவடியில் தங்கி முனைவர் பட்ட ஆய்வு செய்யும் தமிழ் மாணவி ஒருவரின் முன்மொழிவு, முதல் வரைவிலிருந்து மூன்றாம் வரைவுக்கு நகர்ந்த விதம் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது.

கணினி மொழியியல் சங்கம் (ஏ.சி.எல்.) தன் மாநாடுகளில் நடக்கும் பயிற்சி அமர்வுகளுக்கு முன்மொழிவுகளைக் கோருவது வழக்கம். சுருக்கம், நேரவாரியான அமர்வுத் திட்டம், பங்கேற்பவருக்கு வேண்டிய முன்னறிவு, வாசிப்புப் பட்டியல், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, நடத்துநரின் பின்னணி ஆகியவற்றைச் சில பக்கங்களுக்குள் தர வேண்டும். அவ்வழைப்புகளில் புதியவர்கள் எளிதில் கடந்துவிடும் வரி ஒன்று உண்டு. அமர்வின் உள்ளடக்கத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடேனும் நடத்துநர் அல்லாத பிறருடைய ஆய்வுகளாக இருத்தல் நன்று என்பதே அது.

மாணவியின் பொருள், தமிழ்ச் சொற்களைக் கணினி எவ்வாறு துண்டாக்குகிறது என்பது. முதல் வரைவில் ஏழு தலைப்புகள் இருந்தன. அவற்றில் ஐந்து அவருடைய ஆய்வேட்டின் இயல்கள். பயன் என்ற இடத்தில், பங்கேற்பவர்கள் தமிழ் உருபனியலின் செழுமையை அறிந்துகொள்வார்கள் என்று எழுதியிருந்தார். நெறியாளர் அவ்வரியின் ஓரத்தில் ஒரே கேள்வியை எழுதித் திருப்பினார்: "அறிந்துகொண்டார்கள் என்பது உமக்கு எப்படித் தெரியும்?"

இரண்டாம் வரைவு அக்கேள்விக்கான விடையாக அமைந்தது. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்ற ஒரே சொல்லை மாணவி முன்னிறுத்தினார். வா, கொள், இரு ஆகிய மூன்று வினைகளும், இறந்தகாலமும், பலர்பாலும், நான்காம் வேற்றுமையும் அதில் அடங்கியுள்ளன. இன்றைய மொழி மாதிரிகளின் துண்டாக்கிகளோ, பெரும்பாலும் எழுத்துத் தொடர்கள் எத்தனை முறை சேர்ந்து வருகின்றன என்பதைக் கொண்டே சொல்லை வெட்டுகின்றன. உருபன் எல்லை எதுவென்று அவற்றுக்குத் தெரியாது. ஆகவே பயன் இவ்வாறு மாறியது: பங்கேற்பவர் இருபது சொற்களைக் கையால் பிரித்து, கருவியின் வெட்டுகளோடு ஒப்பிட்டு, எத்தனை வெட்டுகள் உருபன் எல்லையில் விழுந்தன என்று எண்ணிச் சொல்ல முடியும். அது நடந்ததா இல்லையா என்பதை அமர்வின் முடிவில் எவரும் சரிபார்க்கலாம்.

ஆயினும் தமிழ் அறியாதவர் ஏன் வர வேண்டும் என்ற கேள்வி எஞ்சியது. அவ்வரைவின் பயன் பத்தியையும் அமர்வுத் திட்டத்தையும் மட்டும், மென்பொருள் துறையில் பணிபுரியும் மராத்தி அண்டைவீட்டார் ஒருவரிடம் மாணவி படிக்கக் கொடுத்தார். படித்து முடித்தவர், "எங்கள் கராஸமோர்ச்யாவும் இப்படித்தானே?" என்று கேட்டார். 'வீட்டின் முன்னே உள்ள' என்று பொருள்படும் அம்மராத்திச் சொல்லில், வீட்டைக் குறிக்கும் 'கர்' திரிபுற்று, 'முன்னே' என்னும் பின்னொட்டையும் உடைமை உருபையும் ஏற்று ஒரே சொல்லாக எழுதப்படுகிறது. இந்தியில் இவை தனித்தனிச் சொற்களாக நிற்கும்.

மூன்றாம் வரைவில் அமர்வு, உருபுகளைச் சேர்த்தெழுதும் மொழிகளோடு பணிபுரிவோர் அனைவருக்குமாக விரிந்தது; தமிழும் மராத்தியும் அதன் இரு சான்றுகளாயின. 180 நிமிடங்கள் இவ்வாறு பகுக்கப்பட்டன: சொல்லமைப்பு 25, கையால் பிரித்தல் 40, இடைவேளை 30, பிறர் உருவாக்கிய முறைகளின் ஒப்பீடு 45, மாணவியின் சொந்த ஆய்வு 25, கேள்விகள் 15. ஐந்து இயல்கள் 25 நிமிடமாகச் சுருங்கியதுதான் அவருக்கு மிகவும் வலித்தது. இடைவேளையையும் கேள்வி நேரத்தையும் ஒதுக்காத திட்டம், கடைசிப் பகுதியை விழுங்கிவிடும் என்பதை அவர் முன்பே கண்டிருந்தார்.

பின்னணிப் பத்தி இறுதியில் எழுதப்பட்டது. பெரிய பெயரோ நீண்ட வெளியீட்டுப் பட்டியலோ மாணவியிடம் இல்லை. கருத்தரங்குகளில் பெற்ற சான்றிதழ்களை நீக்கிவிட்டு, மூன்று செய்திகளை மட்டும் வைத்தார்: மொழியியலில் முதுகலைப் பட்டம், இதே பயிற்சியின் அரைநாள் வடிவத்தைப் பதினான்கு மாணவர்களுக்கு நடத்தியது, அதன்பின் கடினமான சொற்களை வரிசையில் பின்னுக்குத் தள்ளியது. இணை நடத்துநராக, மராத்தித் தரவுகளைக் கையாளும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். எதிர்பார்க்கும் எண்ணிக்கையை நூறு என்று எழுதவில்லை. நாற்பது என்று எழுதி, அப்பதினான்கு பேர் கணக்கையும் உடன் தந்தார்.

முன்மொழிவு அனுப்பப்பட்டுவிட்டது, முடிவு இன்னும் வரவில்லை. வெட்டப்பட்ட நான்கு இயல்களும் ஆய்வேட்டில் தத்தம் இடத்தில் அப்படியே இருக்கின்றன. ஐந்தாவது இயலில் மட்டும், மராத்திக்கென ஒரு புதிய பகுதி சேர்ந்திருக்கிறது.