மகளின் போனை ரகசியமாகப் பார்த்தால் என்னதான் தெரியும்?

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன் என்பதாலேயே, சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். "பிள்ளைக்குத் தெரியாம அதோட போனைப் பார்க்க ஏதாவது ஆப் இருக்கா தம்பி?"

இருக்கிறது. ஆனால், பெரும்பாலும் அவற்றை பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்துதான் இறக்க வேண்டும். அதற்கு, கெட்ட ஆப்களைத் தடுக்கும் 'Play Protect' பாதுகாப்பையே அணைக்கச் சொல்வார்கள். திரையில் வருவதை எல்லாம் படிக்கிற அனுமதியும் கேட்பார்கள். மகளின் படங்களும் பேச்சும் முகம் தெரியாத ஒரு கம்பெனியின் சர்வருக்குப் போகும். பாதுகாப்புக்கு என்று வைத்த ஆளே திருடனாக இருந்தால் என்ன செய்வது?

என் பெரியம்மா மகள் அந்த வழிக்குப் போகவில்லை. பத்தாவது படிக்கும் மகளின் போன் பூட்டு எண் அவருக்குத் தெரியும். ஒருநாள் இரவு அவள் தூங்கியதும், வாட்ஸ்அப்பில் 'Linked devices' வழியாக அந்தக் கணக்கைத் தன் லேப்டாப்பில் இணைத்துவிட்டார். இரண்டு வாரம் பார்த்தார். ஹோம்வொர்க், டியூஷன் நேரம், பிறந்தநாள் வாழ்த்து, அவ்வளவுதான். "பொண்ணு தங்கம்டா" என்று என்னிடம் சொன்னபோது நிம்மதியாக இருந்தார்.

அந்த நிம்மதிதான் எனக்கு உறுத்தியது. இணைத்த கருவியின் பெயர், கடைசியாக அது இயங்கிய நேரம் எல்லாம் அதே 'Linked devices' பக்கத்தில் பளிச்சென்று தெரியும். மகள் அதை மூன்றாம் நாளே பார்த்துவிட்டாள். சண்டை போடவில்லை. தோழிகளுடன் பேசுவதை ஒரு கேமுக்குள் இருக்கும் சாட்டுக்கு மாற்றிக்கொண்டாள். அக்கா பார்த்துக்கொண்டிருந்தது, அம்மா பார்ப்பாள் என்று தெரிந்து எழுதப்பட்ட வாட்ஸ்அப்பை.

அதே நாட்களில்தான் அந்த கேம் சாட்டில் ஒருவன், அவளுடைய முகத்தை வேறு உடலில் ஒட்டிய படத்தை அனுப்பி, ஐயாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறான். "உங்கம்மாவுக்கு அனுப்பிடுவேன்" என்பதுதான் அவன் மிரட்டல். இந்த மாதிரி ஆட்களுக்குப் படத்தைவிட அந்த ஒரு வரிதான் ஆயுதம். வீட்டில் தெரிந்தால் போனைப் பிடுங்குவார்கள், திட்டுவார்கள் என்று பிள்ளை பயப்படும்வரை அது வேலை செய்யும். போனை ஒளிந்து பார்க்கிற பெற்றோர், தெரியாமலே அந்தப் பயத்தைக் கூட்டிவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

நாலு நாள் சாப்பாடு சரியாக இறங்காமல் இருந்தவள், கடைசியில் எனக்கு போன் செய்தாள். "மாமா, அம்மாகிட்ட சொல்லாதீங்க." அப்படி வாக்கு கொடுக்க முடியாது, ஆனால் சொல்லும்போது நானும் கூட இருக்கிறேன் என்றேன். அன்று மாலையே போனேன்.

முதலில், பணம் அனுப்பவில்லை. ஒருமுறை கொடுத்தால் அடுத்த தொகையைக் கேட்பார்கள். இரண்டாவது, எதையும் அழிக்கவில்லை. மிரட்டல் செய்திகள், அவனுடைய ஐடி, பணம் கேட்ட யுபிஐ முகவரி ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் அவனை பிளாக் செய்தோம். அத்தான் அந்தப் படத்தைத் தன் தம்பிக்கு அனுப்பி யோசனை கேட்கலாமா என்றார். கூடவே கூடாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரின் ஆபாசப் படத்தைப் பகிர்வது ஐ.டி சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். நல்லெண்ணத்தில் அனுப்பினாலும் படம் இன்னொரு போனுக்குப் பரவிவிடுகிறது.

பிறகு cybercrime.gov.in தளத்தில் புகார் பதிந்தோம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரை அங்கே பெயர் சொல்லாமலும் தரலாம்; பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். takeitdown.ncmec.org என்ற தளத்தையும் பயன்படுத்தினோம். படத்தை அதில் ஏற்ற வேண்டியதில்லை. நம் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை போன்ற குறியீடு உருவாகி, அது மட்டும் போகும். திட்டத்தில் சேர்ந்துள்ள சமூக வலைதளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். சேராத தளங்களிலும், தனிப்பட்ட வாட்ஸ்அப் செய்திகளிலும் இது உதவாது.

அக்கா லேப்டாப் இணைப்பை மகள் முன்னாலேயே துண்டித்தார். இப்போது அவள் போனில் கூகுளின் 'Family Link' இருக்கிறது. புது ஆப் இறக்க அம்மாவின் அனுமதி வேண்டும், எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் என்று தெரியும், செய்திகளைப் படிக்க முடியாது. என்னென்ன தெரிகிறது என்பதை மகளும் தன் போனிலேயே பார்க்கலாம். ஏழாவது படிக்கிற பிள்ளையாக இருந்தால் இன்னும் இறுக்கமாக வைக்கச் சொல்லியிருப்பேன்.

இருப்பிடம் காட்டுவதை அணைக்கச் சொல்லி மகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறாள். டியூஷன் முடிந்து வரும் நேரம் மட்டும் பார்ப்பதாக அக்கா சொல்லியிருக்கிறார். போன வாரம் வரை முடிவாகவில்லை.