கடை சிங்கப்பூரில், நாணயக் குறி 356

வங்கியின் கார்டு தகராறுப் பிரிவிலிருந்து அண்மையில் ஓய்வு பெற்றேன். விடைபெறும் கூட்டத்தில் ஓர் இளம் அதிகாரி என்னைப் பாராட்டித்தான் பேசினார். ஆனால் பேச்சின் நடுவே, "டிசிசி புகாருக்கெல்லாம் இனி ஆள் வேண்டாம் சார். கஸ்டமர் மெஷினில் ஓகே அழுத்தியிருந்தால் கேஸ் முடிந்தது, சிஸ்டமே மூடிவிடும்" என்றார். என் வேலைக் காலத்தின் பெரும்பகுதியை அந்தப் புகார்களை மூடாமல் வைத்திருப்பதில்தான் செலவிட்டேன். அதனால் இதை எழுதுகிறேன்.

டிசிசி என்பது டைனமிக் கரன்சி கன்வெர்ஷன். சிங்கப்பூர்க் கடையில் நம் ஊர் கார்டைத் தட்டியதும், கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களைக் கொண்டே அது இந்திய வங்கியின் கார்டு என்று மெஷினுக்குத் தெரிந்துவிடும். உடனே திரையில் இரண்டு தொகை வரும்: ஒன்று சிங்கப்பூர் டாலரில், மற்றொன்று ரூபாயில். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் அங்கேயே, கடைக்குச் சேவை தரும் நிறுவனம் வைத்த விலையில் நாணயம் மாற்றப்படும். அந்த விலைக்குள் ஒரு மார்க்கப் இருக்கும். அதில் நிறுவனத்துக்கு ஒரு பங்கு, கடையின் வங்கிக்கு ஒரு பங்கு, பல இடங்களில் கடைக்கும் ஒரு பங்கு. டாலரைத் தேர்ந்தெடுத்தால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க் தன் விலையில் மாற்றி, நம் வங்கிக்கு அனுப்பும். அதன்மேல் நம் வங்கி தன் கட்டணத்தைச் சேர்க்கும்.

இரண்டிலும் செலவு உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தச் செலவு குறைவு என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். 200 சிங்கப்பூர் டாலருக்கு ஒரு பொருள் வாங்குகிறோம். கணக்கு எளிதாக இருக்க, நெட்வொர்க்கின் விலை டாலருக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டாலரிலேயே கட்டினால் 13,000 ரூபாய். நம் ஊரில் சாதாரண கார்டுகளுக்குப் பரவலாக உள்ள 3.5 சதவீத வெளிநாட்டுக் கட்டணம் 455 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 81 ரூபாய் 90 காசு. மொத்தம் 13,536 ரூபாய் 90 காசு.

இப்போது ரூபாயில் கட்டியதாக வைத்துக்கொள்வோம். கடையின் மார்க்கப் 5 சதவீதம் என்றால் டாலரின் விலை 68 ரூபாய் 25 காசு ஆகிறது. ஸ்லிப்பில் 13,650 ரூபாய் என்று அச்சாகும். வாடிக்கையாளர் இதோடு முடிந்தது என்று நினைத்து வருகிறார். முடியவில்லை. தொகை ரூபாயில் இருந்தாலும் கடை வெளிநாட்டில் இருப்பதால், பல இந்திய வங்கிகள் இதற்கும் ஒரு கட்டணம் போடுகின்றன. அது 1 சதவீதம் என்றால் 136 ரூபாய் 50 காசு, அதற்கு ஜிஎஸ்டி 24 ரூபாய் 57 காசு. மொத்தம் 13,811 ரூபாய் 7 காசு. டாலரில் கட்டியிருந்தால் 274 ரூபாய் மிச்சம். வெளிநாட்டுக் கட்டணமே இல்லாத கார்டு வைத்திருப்பவருக்கு இழப்பு இன்னும் பெரிது. அவர் 13,000 ரூபாயோடு முடித்திருக்கலாம்.

கடையின் நாணயமே எப்போதும் மலிவு என்று நான் சொல்லமாட்டேன். இதே 3.5 சதவீதக் கார்டில், ரூபாய்ப் பரிவர்த்தனைக்கு வங்கி எதுவும் வாங்காது என்றால், கடையின் மார்க்கப் 4.13 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை ரூபாயே மலிவு. வங்கி அந்த 1 சதவீதத்தை வாங்கினால் எல்லை ஏறத்தாழ 2.9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கடை மெஷின்களில் நான் பார்த்த மார்க்கப் பெரும்பாலும் இதற்கு மேலேதான். ஆகவே, வெளிநாடு கிளம்புமுன் தன் கார்டின் கட்டணப் பட்டியலில் இரண்டு வரிகளைப் படித்துவிட வேண்டும்: வெளிநாட்டு நாணயத்துக்கு எவ்வளவு, வெளிநாட்டுக் கடையில் ரூபாய்க்கு எவ்வளவு. இரண்டாவது வரி கண்ணில் படாத ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும்.

இந்தத் தொழிலை எனக்குச் சொல்லித்தந்தவர் எங்கள் பிரிவின் முதல் மேலாளர். கடுமையான மனிதர். புகார்க் கடிதத்தை முதலில் படிக்க விடமாட்டார். "கடிதம் அப்புறம் தம்பி. மெசேஜை எடு" என்பார். கார்டு பரிவர்த்தனை ஒவ்வொன்றும் வங்கிக்கு எண்ணிடப்பட்ட கட்டங்களாக வந்து சேரும். 49ஆம் கட்டத்தில் பரிவர்த்தனை நாணயத்தின் குறி இருக்கும். இந்திய ரூபாய்க்கு 356, சிங்கப்பூர் டாலருக்கு 702. கடை இருக்கும் நாட்டின் குறி வேறொரு இடத்தில் வரும். கடை சிங்கப்பூர், நாணயம் 356 என்றால் டிசிசி நடந்திருக்கிறது. வாடிக்கையாளருக்கு அந்தப் பெயரே தெரியாது. "விலை டாலரில்தானே எழுதியிருந்தது, ரூபாயில் ஏன் கூடுதலாக வந்தது?" என்றுதான் எழுதியிருப்பார். இதைச் சாதாரண விலை வித்தியாசம் என்று நினைத்து பதில் போட்டுவிட்டால் அவருடைய உரிமை அங்கேயே போய்விடும்.

உரிமை என்று நான் சொல்வது நெட்வொர்க் விதியில் இருப்பது. கடைக்காரர் இரண்டு தொகையையும் விலையையும் காட்ட வேண்டும்; தேர்வு வாடிக்கையாளருடையதாக இருக்க வேண்டும். விசாவில் இதற்கென்றே 12.3 என்ற தகராறுப் பிரிவு இருக்கிறது. வாடிக்கையாளர் சம்மதிக்கவில்லை, அல்லது அவருக்குத் தேர்வே தரப்படவில்லை என்றால் 120 நாளுக்குள் சார்ஜ்பேக் போடலாம். வென்றால் ரூபாய்க் கணக்கு ரத்தாகும். கடை அதே தொகையைத் தன் நாட்டு நாணயத்தில் மறுபடி அனுப்பலாம். பொருளை இலவசமாகப் பெற இது வழியல்ல. மார்க்கப் மட்டும்தான் கழியும்.

சம்மதிக்கவில்லை என்று காட்டுவதுதான் இந்த வேலையின் தீராத சிக்கல். கையெழுத்து இருந்த காலத்தில் ஸ்லிப்பில் இரண்டு கட்டங்கள் இருந்தன. எதில் பேனா பட்டிருக்கிறது என்று பார்த்தோம். பின் எண்ணும் தட்டும் கார்டும் வந்த பிறகு ஸ்லிப்பில் மிஞ்சியது அச்சடித்த ஒரு வாக்கியம்: எனக்கு நாணயத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புத் தரப்பட்டது, என் தேர்வு இறுதியானது என்று. பட்டனை அழுத்தியது வாடிக்கையாளரா, மெஷினைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்த காசாளரா என்று அந்த வாக்கியம் சொல்லாது.

எங்கள் மேலாளர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மகள் வீட்டுக்குச் சிங்கப்பூர் போய்வந்த கோயம்புத்தூர் அம்மா ஒருவரின் புகார் வந்தது. "மெஷினை என் கையிலேயே தரலைங்க. கார்டை வாங்கித் தட்டி, சீட்டோட திருப்பிக் கொடுத்துட்டாங்க" என்றார். சீட்டில் அந்த வாக்கியம் பளிச்சென்று இருந்தது. வேறு எவராக இருந்தாலும் மூடியிருப்பார்கள். எங்கள் மேலாளர் அந்தக் கடையின் வணிகர் எண்ணை எடுத்து, எங்கள் வங்கி கார்டுகள் அங்கே செய்த எல்லாப் பரிவர்த்தனைகளையும் வரிசைப்படுத்தச் சொன்னார். ஏறக்குறைய எல்லாமே 356. அதே தெருவின் மற்றக் கடைகளில் 702, 356 இரண்டும் கலந்து கிடந்தன. "மனுஷங்க தேர்ந்தெடுத்தா கலந்துதான் வரும் தம்பி. எல்லாரும் ஒரே பட்டனை அழுத்தியிருக்காங்கன்னா அழுத்தினது ஒரே விரல்" என்றார். தகராறோடு அந்தப் பட்டியலையும் இணைத்து, விதிமீறல் என்று நெட்வொர்க்குக்கும் எழுதினோம். அந்த அம்மாவுக்குப் பணம் வந்தது. தொகை சிறியதுதான். ஆனால் அதன்பின் அந்தக் கடையிலிருந்து எங்கள் கார்டுகளுக்கு 702 வரத் தொடங்கியது.

ஒற்றைப் புகாரைப் பார்த்தால் ஓகே அழுத்தியதுதான் தெரியும். கடையை முழுசாகப் பார்த்தால்தான் அழுத்தியது யார் என்று தெரியும். சிஸ்டம் ஒற்றைப் புகாரை மட்டும் பார்க்கிறது. அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். வரிசைப்படுத்திப் பார்க்க யாருக்கும் நேரம் ஒதுக்கப்படுவதில்லை. இன்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு எத்தனை கேஸ் மூடினார்கள் என்பதை வைத்துத்தான் மதிப்பெண். 49ஆம் கட்டத்தைத் திறந்து பார்க்கத் தெரியாமலேயே பதவி உயர்வு பெற்றவர்களை அறிவேன். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தகராறுவரை வராமல் தடுப்பது கவுண்டரில்தான். கார்டைத் தருமுன்பே "சிங்கப்பூர் டாலரிலேயே போடுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். திரையைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஸ்லிப்பில் INR என்று கண்டால் அங்கேயே நின்று, பரிவர்த்தனையை ரத்து செய்து SGD-யில் மறுபடி போடச் சொல்ல வேண்டும். அன்றைய கணக்கைக் கடை மூடுவதற்குள் ரத்து செய்வது எளிது. அதன்பின் பணத்தைத் திருப்பி அனுப்பி மறுபடி வசூலிக்க வேண்டியிருக்கும். திரும்பும் தொகை அன்றைய விலையில் மாற்றப்பட்டால் அதிலும் இழப்பு வரலாம். ஏடிஎம்மில் Decline conversion என்று வந்தால் பயப்பட வேண்டாம். அது பணம் எடுப்பதை நிறுத்தாது, அவர்களுடைய விலையைத்தான் மறுக்கிறது.

ரூபாயில் கட்டினால் தொகை உறுதி என்று காசாளர்கள் சொல்வார்கள். நெட்வொர்க் தன் விலையைப் பல சமயம் கணக்கு வந்து சேரும் நாளில் போடுவது உண்மைதான். அது பெரும்பாலும் ஓரிரு நாள் தள்ளி வரும். அந்த இடைவெளியில் ரூபாய் அசைவது வழக்கமாக ஒரு சதவீதத்தைத் தொடாது. அந்தச் சிறிய அச்சத்துக்காக 5 சதவீதத்தைத் தூக்கிக் கொடுப்பது நியாயமில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2020 ஏப்ரல் முதல் அங்கே மார்க்கப்பை ஐரோப்பிய மத்திய வங்கியின் குறிப்பு விலைக்கு மேல் எத்தனை சதவீதம் என்று கட்டுவதற்கு முன்பே காட்ட வேண்டும். விலை 68.25 என்று மட்டும் காட்டினால் யாருக்கும் எதுவும் புரியாது; 5 சதவீதம் என்று காட்டினால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். நம் வங்கிகள் வெளிநாட்டுக் கடைகளைக் கட்டுப்படுத்த முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 356 குறியோடு வெளிநாட்டுக் கடையிலிருந்து பரிவர்த்தனை வந்த அந்தக் கணமே வாடிக்கையாளருக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப முடியும்: ரூபாயில் மாற்றியிருக்கிறார்கள், நீங்கள் கேட்டிருக்காவிட்டால் இப்போதே ரத்து செய்யச் சொல்லுங்கள் என்று. தகவல் எங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. நான் பணியில் இருந்தபோது இதைப் பலமுறை எழுதிக் கொடுத்தேன். புகார்களைத் தானாக மூடும் நிரலுக்குப் பணம் ஒதுக்கியவர்கள், புகாரே வராமல் செய்யும் இந்த ஒரு வரிச் செய்திக்கு ஒதுக்கவில்லை. என் இடத்துக்கு வருபவர்கள் இதையாவது கேட்டு வாங்க வேண்டும்.