பால் கணக்கு கொடுத்த கை!

கோபம் வந்தால் எனக்குத் தமிழ் தானாக வரும். சென்ற 2024 ஜூன் மாதத்தில் ஒரு நாள், பிரிட்ஜ் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைத் தலைவருக்கு மூன்று பக்கம் எழுதித் தள்ளிவிட்டேன். "மனசாட்சி இருக்கிறதா?" என்றுகூடக் கேட்டிருந்தேன்.

இவர் படித்துப் பார்த்தார். முப்பது வருஷம் ஆபீஸில் மனுக்களைப் படித்தவர். "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு தேதிகூட இல்லையே! இப்படி வந்தால் நாங்கள் பைலில் சேர்த்துவிட்டுக் காப்பி சாப்பிடப் போவோம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. விஷயம் விளையாட்டல்ல, பாருங்கள். மாமியாருக்குத் தினம் இன்சுலின். திறக்காத மருந்தை இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். மூன்றே மாதத்துப் பிரிட்ஜ் அலமாரியாக மாறிவிட்டதால், மருந்து எதிர் வீட்டில் குடியிருந்தது. அவர்கள் ஊருக்குப் போனால் எனக்குத் தூக்கம் கிடையாது.

தேதிக்கு எங்கே போவது? பால் கணக்கு எழுதும் காலண்டரை எடுத்தேன். "பால் திரிந்தது", "மெக்கானிக் வந்தான்" என்று அங்கங்கே கிறுக்கியிருந்தேன். அதையும் டெலிபோனில் வந்திருந்த குறுஞ்செய்திகளையும் ஒத்துப் பார்த்தபோதுதான் இரண்டு சங்கதிகள் புரிந்தன.

முதலாவது: நான் ஒவ்வொரு தடவை முறையிட்டபோதும் ஒரு புது எண் கொடுத்து, ஆள் வந்து போனதும் "தீர்க்கப்பட்டது" என்று முடித்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் என் வீட்டில் நான்கு சின்னக் குறைகள், மூன்று தீர்ந்துவிட்டன! எனக்கோ ஒரே குறை, ஒரு நாளும் தீரவில்லை.

இரண்டாவதை நீங்களே பாருங்கள். கடிதத்தில் நான் எழுதியது இதுதான்:

மார்ச் 10: பிரிட்ஜ் வாங்கினோம்.
ஏப்ரல் 22: குளிர் இல்லை, முதல் புகார்.
ஏப்ரல் 25: மெக்கானிக் காஸ் நிரப்பினார்.
மே 6: மறுபடி குளிர் இல்லை. மே 7: இரண்டாவது புகார்.
மே 11: வந்தவர் "கரண்டு குறைச்சல்" என்று சொல்லிப் போனார்.
மே 14: மூன்றாவது புகார். மே 17: மறுபடி காஸ்.
மே 29: மறுபடி குளிர் இல்லை. மே 30: நான்காவது புகார்.
ஜூன் 3: "வீடு பூட்டியிருந்தது" என்று செய்தி. அன்று முழுதும் வீட்டில் இருந்தேன்.

புகார் உள்ள ஒவ்வொரு வரியிலும் அதன் எண்ணைச் சேர்த்தேன். முதல் காஸ் 11 நாள், இரண்டாவது 12 நாள். பிரிட்ஜில் உள்ள காஸ் அடுப்பு காஸ் போலச் செலவாவதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். உறைபெட்டியில் ஒரு மூலையில் மட்டும் பனி பிடித்திருந்ததும் அதற்கு அடையாளம். ஓட்டையைத் தேடாமல் காஸ் நிரப்புவது, பொத்தல் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

"ஆறு தடவை சொன்னேன்" என்று முதலில் எழுதியிருந்தேன். காலண்டர் நான்குதான் என்றது. நான்கு என்றே திருத்தினேன். ஒரு வரி பொய்த்தால் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார்களே!

கடிதத்தின் தலையில் மாடல், வரிசை எண், பில் தேதி. அடுத்த வரியிலேயே என் கோரிக்கை: "ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், முடியாவிட்டால் பெட்டியை மாற்றித் தர வேண்டும், ஜூன் 15-க்குள்." இன்சுலினுக்கு ஒரே ஒரு வரி. பில், மெக்கானிக்கின் வேலைச் சீட்டுகள், குறுஞ்செய்திகள், பனியின் படம் எல்லாம் இணைத்தேன். கடைசியில், "தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்" என்று அமைதியாக ஒரு வாக்கியம். வெறும் மிரட்டல் அல்ல; வாங்கிய விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணமே கிடையாது. குறை எழுந்த இரண்டு வருஷத்துக்குள் மட்டும் போக வேண்டும். மனசாட்சியை எடுத்துவிட்டேன், மொத்தம் ஒரே பக்கம்.

ஜூன் 5-ல் ஈமெயிலில் அனுப்பினேன். 7-ம் தேதி தலைவரின் அலுவலகத்திலிருந்தே போன்! "அம்மா, நான்கு புகாரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்" என்றார்கள். 10-ம் தேதி மூத்த மெக்கானிக் ஒருவர் வந்தார். குழாயில் அழுத்தம் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினார். பின்புறம் ஓர் இணைப்பில் குமிழி குமிழியாக வந்தது. அதைப் பற்றவைத்து அடைத்த பிறகுதான் காஸ் நிரப்பினார்.

சந்தோஷப்பட நான் அவசரப்படவில்லை. காலண்டரில் பன்னிரண்டு நாள் எண்ணினேன். பதின்மூன்றாம் நாள் காலையில் பால் திரியவில்லை. எதிர் வீட்டுக்குப் போய் இன்சுலினை வாங்கிக்கொண்டு வந்தேன்.

"அந்த மூன்று பக்கக் கடிதம் எங்கே?" என்று இவர் கேட்டார். பத்திரமாக வைத்திருக்கிறேன். இவர் மேல் கோபம் வரும்போது உபயோகப்படும்!