எள்ளும் தண்ணீரும்

அப்பாவின் திதிக்கு நாள் கேட்கப் போனபோது வாத்தியார் ஒரு தாளைக் கொடுத்தார். எந்தக் காரியத்துக்கு எவ்வளவு ஆகும், அதில் எது யாருக்குப் போகிறது என்று கைப்பட எழுதி நகலெடுத்து வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்தும் அதை நான்கைந்து தடவை படித்தேன்.

இப்படியொரு தாள் இல்லாததால் எங்கள் வீட்டில் ஒரு வருஷம் தாத்தாவின் தெவசம் நின்றது. அப்பாவுக்கு வேலை போயிருந்த சமயம். என்ன ஆகும் என்று அம்மா கேட்டதற்கு அன்றைய வாத்தியார், "உங்க சௌகரியம்போல பண்ணுங்கோ" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் கையில் இருப்பது போதுமா, குறைத்துக் கொடுத்தால் அவர் முகம் வாடுமா என்று தெரியாமல் அம்மா அவரைக் கூப்பிடவே இல்லை. அப்பா குளித்துவிட்டு மொட்டைமாடியில் காக்கைக்குச் சாதம் வைத்தார். வெகுநேரம் கீழே இறங்கவில்லை.

தாளில் பார்வணத்துக்கு 9,500 ரூபாய். ஹோமம் செய்து, விஸ்வேதேவருக்கும் பித்ருக்களுக்குமாக இரண்டு பேரை உட்காரவைத்துச் சாப்பாடு போடுவது. இதில் வாத்தியாருக்கு 2,000தான். சாப்பிடுகிறவர்களுக்கு ஆளுக்கு 1,500. மீதியெல்லாம் வேஷ்டி, மளிகை, சமையல்கூலி. வீட்டிலேயே சமைத்தால் கூலி மிச்சம் என்று பக்கத்திலேயே குறித்திருக்கிறார். ஹிரண்யம் 1,500. ஹோமமும் சமையலும் கிடையாது. அரிசி, வாழைக்காய், பயத்தம்பருப்போடு தட்சிணை. முதல் வருஷாப்திகத்தை மட்டும் ஹிரண்யமாகச் செய்துவைக்க அவர் ஒப்புவதில்லை. அதற்குக் கஷ்டப்படுகிறவர்கள் சொன்னால் தன் பங்கை விட்டுவிடுகிறார்.

இந்தப் படிக்கட்டு அவர் கட்டியதல்ல. விஷ்ணு புராணத்தின் மூன்றாம் அம்சத்தில் ஔர்வ முனிவர் சகர மன்னனுக்கு சிராத்தத்தைச் சொல்லும்போது பித்ருக்களின் வாக்காகவே இது வருகிறது. இருப்பவன் ரத்தினமும் துணியும் நிலமும் கொடுக்கட்டும். இல்லாதவன் முடிந்த அளவு சாப்பாடு போடட்டும். அதற்கும் வழியில்லையென்றால் சமைக்காத தானியம். அதுவும் இல்லையென்றால் விரல்நுனியில் எடுத்த எள், அல்லது ஏழெட்டு எள்ளோடு தண்ணீர். அதுவும் இல்லையென்றால் ஒரு பசுவுக்கு ஒருநாள் தீனி. எதுவுமே இல்லாதவன் காட்டுக்குப் போய், அக்குள் தெரிய இரண்டு கைகளையும் தூக்கி, சூரியனைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும்: என்னிடம் பொருளில்லை, தானியமில்லை, பக்தி மட்டுமே இருக்கிறது, என் முன்னோர்கள் அதிலேயே திருப்தியடையட்டும் என்று. அக்குள் தெரிய என்பதுவரை எழுதியிருப்பதுதான் என்னை உலுக்குகிறது. ஒளித்துவைக்க ஒன்றுமில்லாத கைகள் அப்படித்தான் உயரும்.

வாத்தியாரின் தாளில் கடைசி வரி இது: எதுவும் முடியாதவர்கள் எள் மட்டும் கொண்டுவரவும், தர்ப்பணம் செய்துவைக்கிறேன்.

அன்று மாடியில் அவ்வளவு நேரம் என்ன செய்தார் என்று அப்பாவை நான் ஒருநாளும் கேட்டதில்லை.