அந்த மூவாயிரம் யார் வீட்டுப் பணம்?

விடுதி மாணவர்களைச் சந்திக்கப் போகும் இடங்களில் எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "பத்தாயிரம் போட்டா மாசம் மூவாயிரம் தர்றாங்களாம் தோழர், சேரலாமா?" கேட்பவர் ஏமாளி அல்ல. முன்பே சேர்ந்த அண்ணன் ஒருவர், வங்கிக் கணக்கில் பணம் ஏறிய குறுஞ்செய்தியைக் காட்டியிருப்பார். பெரும்பாலும் அது போலியும் அல்ல. பணம் உண்மையிலேயே வந்திருக்கும். ஆகவே "எல்லாம் ஃப்ராடு" என்று சொல்லிவிட்டுப் போனால் யாரும் நம்புவதில்லை. கணக்குப் போட்டுத்தான் காட்ட வேண்டும்.

பத்துப் பேர் ஆளுக்கு 10,000 ரூபாய் போடுகிறார்கள். ஆள் பிடித்துக் கொடுத்தவருக்கு ஆளுக்கு 1,000 கமிஷன் போக, நிறுவனத்தின் கையில் 90,000. மாதம் 30,000 வீதம் பட்டுவாடா செய்தால் மூன்றே மாதத்தில் கல்லா காலி. அந்த மூன்று மாதமும் அவர்களுக்கு "லாபம்" என்று வந்தது அவர்கள் போட்ட பணமேதான். நான்காவது மாதம் என்ன செய்வது? புதிதாக வரும் ஒருவர் கமிஷன் போக 9,000 தருகிறார். அது பழையவர்கள் மூன்று பேருக்கு ஒரு மாதம் கொடுக்கத்தான் போதும். ஆக, மாதாமாதம் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கு புதிதாகச் சேர்ந்தே ஆக வேண்டும். பத்துப் பேர் ஓராண்டில் முந்நூற்றுச் சொச்சம் ஆக வேண்டும், இரண்டாம் ஆண்டில் சுமார் பத்தாயிரம், மூன்றாம் ஆண்டில் மூன்று லட்சத்துக்கும் மேல். நடத்துபவர் ஒரு பைசாகூட எடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு. எடுக்காமலா இருப்பார்?

இதே வேகத்தில் வளர்ந்து ஒருநாள் நின்றால், அன்று உள்ளே இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கடைசி மூன்று மாதத்தில் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கும் போட்ட பணம் முழுதாகத் திரும்பியிருக்காது. குறுஞ்செய்தி காட்டிய அண்ணன் தப்பித்திருப்பார். அவரை நம்பிச் சேர்ந்த தம்பி மாட்டியிருப்பான்.

ஆருத்ரா கோல்டு விவகாரம் நினைவிருக்கும். மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று சொல்லி, ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்னது. 2022 மே மாதம் சோதனை நடந்தது. இயக்குநர்களோடு ஏஜெண்டுகளும் கைதானார்கள்.

"நாங்க ட்ரேடிங் பண்ணி அந்த லாபத்துல தர்றோம்" என்பார்கள். பங்குச்சந்தையின் எஃப் அண்ட் ஓ வணிகத்தில் 2021-22 முதல் 2023-24 வரை இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டம் அடைந்ததாக செபியின் ஆய்வு சொல்கிறது. மாதம் 30 சதவீதம் சம்பாதிக்கத் தெரிந்தவர், லாபத்தை மறுபடி மறுபடி போட்டால், 10,000 ரூபாய் ஓராண்டில் இரண்டேகால் லட்சத்தைத் தாண்டும். அப்படிப்பட்டவர் வங்கியில் கடன் வாங்கினாலே கோடீஸ்வரர் ஆகிவிடலாம். அவருக்கு ஏன் நம் ஸ்காலர்ஷிப் பணம் தேவைப்படுகிறது?

இதையே நேராகக் கேளுங்கள்: "ஆறு மாசம் புதுசா ஒருத்தரும் சேரலைன்னா எனக்கு எதுலேர்ந்து குடுப்பீங்க?" எந்தப் பொருளை யாருக்கு விற்று வரும் பணம் என்று பதில் வர வேண்டும். "டீம் பலமா இருக்கு", "பாசிட்டிவா யோசிங்க" என்று வந்தால் எழுந்துவிடலாம்.

கம்பெனிப் பதிவுச் சான்றிதழையும் ஜிஎஸ்டி எண்ணையும் நீட்டுவார்கள். அவை கடை திறந்ததற்கான அத்தாட்சி. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அவை அனுமதி ஆகாது. முதலீட்டு ஆலோசகர் என்று சொன்னால், அவர் அனுப்பும் படத்தை நம்பாமல், செபி இணையதளத்தில் அந்தப் பதிவு எண்ணை நீங்களே தேடிப் பாருங்கள். எண் இன்னொருவருடையதாக இருப்பதும் உண்டு. டெபாசிட் வாங்கும் நிறுவனம் என்றால் ரிசர்வ் வங்கியின் sachet.rbi.org.in தளத்தில் பார்க்கலாம். பணம் போகும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, வாரத்துக்கு ஒரு யுபிஐ ஐடி மாறுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

"ஐந்நூறு எடுத்துப் பார்த்தேன், வந்தது" என்பது சோதனை ஆகாது. நம்பிக்கை வரவைக்க அதைத் தருவார்கள். செயலியில் லட்சம் காட்டும்போது முழுவதையும் எடுக்கக் கேட்டால்தான் சுயரூபம் தெரியும்: "முதல்ல 18 சதவீதம் வரி கட்டுங்க." வரி பிடிப்பவர்கள் கொடுக்கும் தொகையிலிருந்து கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள், உங்களை மேலும் பணம் போடச் சொல்ல மாட்டார்கள். அங்கே இன்னொரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

இந்தத் திட்டங்கள் உறவின் வழியாகவே நடக்கின்றன. வங்கி கடன் தராத தெருக்களில் நமக்கு இருந்த ஒரே பிணை ஒருவர் மீது ஒருவர் வைத்த நம்பிக்கைதான். மகளிர் குழுவாகவும் சீட்டாகவும் ஓடிய அந்த நம்பிக்கையைத்தான் ரெஃபரல் கோட் விலை பேசுகிறது. திட்டம் விழுந்தால் நடத்தியவர் வெளிநாட்டில் இருப்பார். அக்கா வீட்டு வாசலில் நிற்பது சேர்த்துவிட்ட பையன்தான். அவன் மீது வழக்கும் வரலாம். 1978ஆம் ஆண்டின் பணச்சுழற்சித் திட்டத் தடைச் சட்டம், நடத்துவதோடு உறுப்பினராகச் சேர்வதையும் தடை செய்கிறது.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டவர்கள் கூச்சப்பட்டு நாளைக் கடத்த வேண்டாம். 1930க்கு உடனே அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியுங்கள். அனுப்பிய பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் புகார் போனால்தான் முடக்க வாய்ப்பு. குழுவிலிருந்து வெளியேறுவதற்கு முன் உரையாடல்களையும் பரிவர்த்தனை எண்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டவரை அட்மின் நீக்கிவிட்டால் அந்தச் சாட்சியம் கிடைக்காமல் போகலாம்.